பை பின்னினால் குளம் தெளியாது

குளத்தில் வெங்காயத்தாமரை மண்டியதுமே ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். “அதைக் களைன்னு ஏன் சொல்றீங்க? அது வளம். உரமாக்கலாம், பை பின்னலாம், எரிவாயு எடுக்கலாம். பயன்படுத்த ஆரம்பிச்சா தானா ஒழிஞ்சிடும்.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பேச்சின் முதல் பாதியில் எனக்கும் சண்டை இல்லை. உரமும் ஆகும், பையும் ஆகும். ‘தானா ஒழிஞ்சிடும்’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அதை நம்பிக் காத்திருக்கும் ஊர்களில் குளம் கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது புதிய யோசனையும் அல்ல. அமேசான் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடி, ஊதாப் பூவின் அழகுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வந்த பொட்டாஷ் நின்றுபோனபோது, இதை எரித்த சாம்பலிலிருந்து அந்தச் சத்தை எடுக்கலாம் என்று அங்கே முனைந்தார்கள். செடி குறையவில்லை. 1921இல் ஜகதீச சந்திர போஸ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1936இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1937 தேர்தலில் கட்சிகள் இதை ஒழிப்பதாக வாக்குறுதி கொடுத்தன. இன்று வங்கதேசத்தின் தாழ்நிலங்களில், இதே செடியை மெத்தையாக அடுக்கி, மிதக்கும் பாத்தி கட்டிக் காய்கறி விளைவிக்கிறார்கள். பயன்படுத்துவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் செடி அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டாலே போதும். ஒரு ஏக்கர் குளம் என்றால் சுமார் 4,000 சதுர மீட்டர். நன்றாக மண்டிய இடத்தில் சதுர மீட்டருக்கு 25 கிலோ தேறும் என்று வைத்துக்கொண்டால், குளம் முழுக்க 100 டன். இதில் 95 டன் தண்ணீர். உலர்ந்தால் மிஞ்சுவது ஐந்து டன்தான். இலவச மூலப்பொருள் என்கிறார்கள். ஒரு பங்கு சரக்குக்காக இருபது பங்கு எடையைச் சேற்றிலிருந்து தூக்கிக் கரையேற்றும் கூலியை அந்தக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இனி வளர்ச்சி. சத்துள்ள நீரில், வெயில் காலத்தில், ஒன்றிரண்டு வாரத்தில் இது இரட்டிப்பாகும். 12 நாள் என்று கொள்வோம். பாதிக் குளம் மூடியிருந்தால் அடுத்த 12 நாளில் 50 டன் சேரும். நாளுக்கு நான்கு டன். இருபது பெண்கள் ஆளுக்கொரு பை பின்னி, பைக்கு ஒரு கிலோ உலர்ந்த தண்டு செலவானாலும், இலையும் வேருமாகச் சேர்த்து ஒரு டன் பச்சைச் செடிகூட ஒரு நாளில் தீராது. இன்னொன்றும் இருக்கிறது. பின்னுவதற்கு நீளத் தண்டு வேண்டும். திறந்த நீரில் வளரும் செடியின் தண்டு வெங்காயம் போலக் குட்டையாக உப்பி இருக்கும். நெருக்கியடித்து மண்டிய இடத்தில்தான் அது மெலிந்து உயரும். ஆக, அந்தத் தொழிலுக்குத் தேவைப்படுவதே அடர்ந்த களைதான். தண்டை மட்டும் அறுத்துக்கொண்டு குருத்தை விட்டுவிட்டால் அது மறுபடி துளிர்த்துவிடும். பின்னுகிறவர்களின் பிழைப்பைக் குறை சொல்லவில்லை. குளத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்காதீர்கள் என்கிறேன்.

“தண்ணியைச் சுத்தம் பண்ணுதே” என்பது அடுத்த வாதம். ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். கருநீலத் தாடி போல வேர் தொங்கும். உதறினால் வண்டலும் நத்தையும் கொட்டும். அந்த வேர் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உலோகங்களையும் உறிஞ்சுவது உண்மை. ஆனால் செடியை வெளியே எடுத்தால்தான் அவையும் வெளியே போகும். அங்கேயே அழுகினால் உறிஞ்சியதெல்லாம் திரும்பக் குளத்துக்கே. மேலே பாய் விரித்தது போல மூடிவிட்டால் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாது. விடிகாலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மான்சோனியா என்ற கொசுவின் புழு இந்த வேரில் குத்திக்கொண்டுதான் மூச்சு விடுகிறது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பும் கொசு அது. களைக்கொல்லி அடித்தாலும் இதே அழுகல்தான், இன்னும் வேகமாக. மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து மூழ்கி மீனையும் கொல்லும்.

மூன்றாவது வாதத்துக்கு நானே ஒரு காலத்தில் கைதட்டியிருக்கிறேன்: “ஜேசிபி விட்டு ஒரு தடவை வாரிட்டா முடிஞ்சது.” எங்கள் ஊர்க் குளத்தை அப்படித்தான் வாரினோம். வெறும் தண்ணீரைப் பார்த்து ஊரே மகிழ்ந்தது. மூன்று மாதத்தில் பழையபடி மூடிவிட்டது. நூறில் ஒரு பங்கு மிச்சம் இருந்தாலும், 12 நாளுக்கொரு முறை இரட்டித்தால் 80 நாளில் குளம் நிறைந்துவிடும். எங்கள் மிச்சம் நாணல் மறைவிலும் படித்துறை இடுக்கிலும் இருந்தது. தாய்ச்செடியிலிருந்து கொடி ஓடி அதன் நுனியில் குட்டிச்செடி முளைக்கும். எந்திரம் இழுக்கும்போது கொடி அறுந்து குட்டி தனியாக மிதந்து போய்விடுகிறது. வாரியதைக் கரைச்சரிவிலேயே குவித்ததால் முதல் மழையில் பாதி திரும்ப உள்ளே வந்தது. சேற்றில் கிடக்கும் விதையோ பதினைந்து, இருபது ஆண்டு உயிரோடிருக்கும். நீர் வற்றி வெயில் பட்டதும் முளைக்கும்.

இரண்டாம் முறை வேறு மாதிரி செய்தோம். காற்று செடிகளையெல்லாம் எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அங்கிருந்து எடுத்தோம். காலி மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் குறுக்கே கட்டி, எடுத்த பகுதிக்குள் மறுபடி மிதந்து வராமல் தடுத்தோம். சரக்கைக் கரைக்கு அப்பால், மேட்டில் கொட்டினோம். பிறகு பத்து நாளுக்கொரு முறை இரண்டு பேர் பரிசலில் சுற்றி, பூக்கும் முன் கையால் பொறுக்கினார்கள். எந்திரத்தைவிட இந்தப் பொறுக்கல்தான் குளத்தைக் காத்தது.

மேட்டில் கொட்டியதை உரமாக்கினோம். இரண்டு மூன்று நாள் வெயிலில் வாடவிட்டு, நறுக்கி, சாணக்கரைசல் தெளித்து அடுக்கினோம். குவியலுக்குள் கைவைத்தால் பொறுக்க முடியாத சூடு ஏறவேண்டும். ஏறாவிட்டால் விதை சாகாது, உரத்தோடு வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகும். தொழிற்சாலைக் கழிவு சேரும் குளத்துச் செடியை மட்டும் உரமாக்கக் கூடாது; வேரில் ஏறிய உலோகம் மக்கிப் போவதில்லை.

“களையைத் தின்ன வண்டு விட்டா அது நம்ம பயிரையும் தின்னும்” என்று பயப்படுவோருக்கு: நியோகெட்டினா என்ற அந்த அரை சென்டிமீட்டர் கூன்வண்டு இந்தச் செடியை நம்பியே வாழ்வது. சோதித்துப் பார்த்த பிறகே கொண்டுவந்து, 1980களில் பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். சில ஆண்டுகளில் களை சரிந்தது. இலையில் சுரண்டியது போலச் சிறு தழும்புகள் தெரிந்தால் வண்டு நிலைத்துவிட்டது என்று பொருள். ஆனால் அதன் கூட்டுப்புழு உயிருள்ள வேரில்தான் தங்கும். கோடையில் வற்றும் கண்மாயில் வண்டும் சேர்ந்து போய்விடும். எந்திரம் வாரினாலும் அதே கதி. சாக்கடை கலக்கும் நீரில், வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளர்ந்துவிடும்.

எங்கள் குளத்திலும் கடைசிச் சிக்கல் சாக்கடைதான். தெருவின் கழிவுநீர் வரத்து வாய்க்கால் வழியாக விழுந்துகொண்டிருந்தவரை, பரிசலில் போனவர்கள் சுற்றுக்கு ஒரு கூடை அள்ளினார்கள். அதைத் திருப்பிவிட்டு, வாய்க்கால் வாயில் வலை கட்டிய பிறகு ஒரு கைப்பிடிதான். மழை பெய்த மறுநாள் வலையில் மேலூர்க் குளத்துச் செடிகள் சிக்கியிருக்கும். அவற்றை எடுத்துப் போடுவதற்கென்று ஒரு ஆளுக்கு ஊர்ப் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கிறோம்.