மூன்று விலைப்புள்ளிகள், ஒரே பட்டியல்

பணியிட மாற்ற ஆணை கைக்கு வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, நான்கைந்து பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து, "இரண்டு படுக்கையறை வீடு, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதுதான். கிடைக்கும் தொகைகளை ஒரு தாளில் எழுதி, குறைந்ததற்கு வட்டமிடுகிறோம். விலைகளை ஒப்பிட்டுவிட்டதாக அப்போது ஒரு நிறைவு ஏற்படுகிறது. அது ஒப்பீடே அன்று என்பது நம் கருத்து. அந்த ஐந்து நிறுவனங்களும் ஐந்து வெவ்வேறு வீடுகளை மனத்தில் வைத்து விலை சொல்லியிருக்கின்றன.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம். புணேயின் கோத்ரூட் பகுதியில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்கிறது. தொலைவு ஏறத்தாழ 840 கிலோமீட்டர். பெங்களூரில் புதிய வீடு லிப்ட் உள்ள குடியிருப்பில் இருந்தாலும், அதற்குச் செல்லும் தெரு பெரிய லாரி நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானது. முதல் நிறுவனம் தொலைபேசியிலேயே 24,000 ரூபாய் என்கிறது. இரண்டாவது நிறுவனம் ஆளை அனுப்பி வீட்டைப் பார்த்துவிட்டு, 33,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று எழுதித் தருகிறது. மூன்றாவது, வரி உட்பட 36,500 ரூபாய் என்றாலும், வேறு வீட்டுப் பொருட்களுடன் சேர்த்து ஏற்றுவதால் ஒப்படைக்கப் பத்து நாள் வரை ஆகும் என்கிறது. பள்ளி திறக்கும் வாரத்தில் பத்து நாள் பாய், பாத்திரம் இன்றி இருக்க முடியாது என்பதால் மூன்றாவதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டுக்கும் இடையே 9,000 ரூபாய் வேறுபாடு தெரிகிறது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கன அடியிலிருந்து வந்தது. வீடு மாற்றும் தொழிலில் விலையைத் தீர்மானிப்பது அறைகளின் எண்ணிக்கை அன்று. பொருட்கள் லாரியில் அடைத்துக்கொள்ளும் இடம். குளிர்பதனப் பெட்டி, பீரோ, கட்டில், சோபா ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது அட்டைப்பெட்டிகளை. ஒன்றரை அடி நீள, அகல, உயரம் கொண்ட ஒரு பெட்டி 3.4 கன அடி இடம் பிடிக்கிறது. தொலைபேசியில் விலை சொன்னவர் பதினைந்து பெட்டி என்று வைத்துக்கொண்டார். ஆனால் நம் வீடுகளில் பரண் என்று ஒன்று உண்டு. கொலுப் பொம்மைகள், பித்தளை விளக்குகள், பண்டிகைக்கு மட்டும் இறங்கும் அடுக்குப் பாத்திரங்கள், பிள்ளைகளின் பழைய பாடநூல்கள் என எல்லாம் சேர்ந்து நாற்பது பெட்டிகள் ஆயின. கூடுதலான இருபத்தைந்து பெட்டிகளுக்கு 84 கன அடி. பதினான்கு அடி நீளமுள்ள லாரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 கன அடி என்றால், அதில் ஆறில் ஒரு பங்கு கணக்கிலேயே இல்லை. ஏற்றும் நாளன்று, மேற்பார்வையாளர் கூடத்தில் நின்று பெட்டிகளை எண்ணிவிட்டு, "பொருள் கூடுதலாக இருக்கிறது, பதினேழு அடி வண்டி வேண்டும்" என்பார். அவர் சொல்வது பொய்யன்று. ஆகவேதான் மறுக்கவும் முடிவதில்லை.

இப்போது அந்த 24,000 ரூபாயின் பயணத்தைப் பார்ப்போம். பொதி கட்டுதலும் போக்குவரத்தும் சேர்ந்த சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 28,320. பெரிய வண்டிக்கு 6,000. லிப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு 2,500. "இன்சூரன்ஸ்" என்ற பெயரில், 3 லட்சம் மதிப்புள்ள பொருட்களுக்கு 3 சதவீதம் என 9,000. பெங்களூரில் குறுகிய தெருவுக்காகச் சிறிய வண்டிக்கு மாற்றி ஏற்ற 3,500. இறக்கும் ஆட்களுக்கு 2,000. ஆக மொத்தம் 51,320 ரூபாய். ஜிஎஸ்டிக்குப் பிறகு சேர்ந்த 23,000 ரூபாய்க்குப் பெரும்பாலும் ரசீதும் இருக்காது. இரண்டாவது நிறுவனத்தின் 33,000, வரியுடன் 38,940 ஆகிறது. பதினேழு அடி வண்டி, மாடிப் படி, இறக்குகூலி அனைத்தும் அதில் எழுத்தில் அடக்கம். சிறிய வண்டிக்கு வரி உட்பட 2,500 என முன்கூட்டியே தனியே குறித்திருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் உண்மையான பாலிசிக்கு 4,500 கொடுத்தாலும் 45,940. விலை கூடியதாகத் தெரிந்ததுதான் குறைந்ததாக முடிந்தது. எப்போதும் இப்படித்தான் முடியும் என்று நாம் வாதிடவில்லை. அதிகம் கேட்பதனாலேயே ஒரு நிறுவனம் நேர்மையானதாகிவிடாது. எந்தத் தொகை முழுமையானது என்பது ஒப்பிடும் நாளில் தெரியவேண்டும் என்பதே நம் வாதம்.

கூடுதல் கட்டணங்களில் ஏறக்குறைய எல்லாமே முன்கூட்டித் தெரியக்கூடியவை என்பதைக் கவனிக்க வேண்டும். மாடி நேற்று முளைத்ததன்று; தெரு இன்று குறுகியதன்று. எனவே விலை கேட்கும் முன் நாமே ஒரு பட்டியலைத் தயாரிப்பது நல்லது. பொருட்களின் பெயர், எண்ணிக்கை, பரணில் உள்ளவை உட்பட எதிர்பார்க்கும் பெட்டிகள், இரு வீடுகளின் மாடியும் லிப்டும், லாரி நிற்கும் இடத்திலிருந்து வாயில் வரையுள்ள தூரம், ஏசி கழற்றுதல், கட்டில் பிரித்துப் பூட்டுதல் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். லிப்டில் சாமான் ஏற்றக் குடியிருப்போர் சங்கம் நேரமும் கட்டணமும் வைத்திருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதிவிடலாம். அதே பட்டியலை எல்லா நிறுவனங்களுக்கும் கொடுத்து, நேரிலோ காணொளி அழைப்பிலோ வீட்டைக் காட்டி, வண்டியின் நீளத்தையும் தனி வண்டியா பகிர்வு வண்டியா என்பதையும் குறிப்பிட்டு எழுத்தில் விலை கேட்கவேண்டும். வீட்டைப் பார்க்காமல் சொன்ன விலையை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம் என்போம். அது குறைவாக இருப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

"இன்சூரன்ஸ்" என்ற வரியில் சற்று நின்று பார்க்கவேண்டும். பல விலைப்புள்ளிகளில் இதே சதவீதம் எஃப்ஓவி என்ற பெயரிலும் வருகிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. காப்பீடு என்றால் காப்பீட்டு நிறுவனம் வழங்கிய பாலிசி எண்ணோ சான்றிதழோ லாரி புறப்படும் முன் நம் கையில் இருக்கும். எஃப்ஓவி என்பது, சேதத்துக்குத் தானே பொறுப்பேற்பதாகப் போக்குவரத்து நிறுவனம் சொல்லி வாங்கும் கட்டணம். அதற்குப் பின்னால் காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, அதன்கீழ் வந்த 2011 விதிகள் ஆகியவற்றின்படி, உயர் இடர்க் கட்டணம் செலுத்த நாம் ஒப்புக்கொள்ளாத நிலையில், பொதுச் சரக்கு ஏற்றுநரின் பொறுப்பு வாடகைத் தொகையின் பத்து மடங்குக்குள், அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல் நிற்கிறது. எனவே லாரி ரசீதில் மதிப்பைக் குறைத்துப் போட்டால் செலவு மிச்சம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் தனித்தனியே மதிப்பு எழுதிய பட்டியல், ரசீதுடன் சேர்ந்திருக்கவேண்டும்.

வங்கியோடு தொடர்புடைய ஒரு சொல்லும் இந்தத் தொழிலின் விளம்பரங்களில் அடிக்கடி தென்படுகிறது: "ஐபிஏ அங்கீகாரம் பெற்றது." இந்திய வங்கிகள் சங்கம் போக்குவரத்து நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருப்பது உண்மை. சரக்கு அனுப்பும் வணிகர்களுக்கு லாரி ரசீதின் பேரில் வங்கிகள் கடன் வழங்கும்போது, எந்த நிறுவனத்தின் ரசீதை ஏற்கலாம் என்பதற்காக எழுந்த ஏற்பாடு அது. நம் பீங்கான் தட்டுகள் உடையாமல் போய்ச் சேரும் என்பதற்கு அது சான்றாகாது. அலுவலகத்தில் செலவைத் திரும்பப் பெற அத்தகைய ரசீது தேவைப்படுவோர், அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதையும், ரசீதிலுள்ள பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண் அதே பெயருக்கு உரியதா என்பதை ஜிஎஸ்டி இணையதளத்திலும் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சில நிமிடங்களே ஆகும்.

ஏற்றும் நாளில் கேட்கப்படும் சில தொகைகளுக்கு அடிப்படையே கிடையாது. "மாநில எல்லையில் நுழைவு வரி", "ஆக்ட்ராய்" என்று கேட்டால் மறுக்கலாம். அவை 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டிக்குள் அடங்கிவிட்டன. பயன்படுத்திய வீட்டுப் பொருட்களுக்கு இ-வே பில்லிலிருந்து மத்திய விதியிலேயே விலக்கு உண்டு. சுங்கச்சாவடிக் கட்டணம் உண்மையான செலவுதான். ஆனால் அது விலைப்புள்ளிக்குள் அடங்கியிருக்கவேண்டும்.

இவ்வளவும் எழுத்தில் இருந்தும் பேரத்தின் பலம் யார் கையில் என்பதைப் பணம் கைமாறும் முறைதான் தீர்மானிக்கிறது. லாரி பாதித் தொலைவு கடந்த பிறகு, நம் வீடு முழுவதும் அதனுள் இருக்கும் நிலையில், "இன்னும் 8,000 அனுப்பினால்தான் வண்டி நகரும்" என்ற அழைப்பு வந்தால் வாதிட வழியில்லை. முழுத் தொகையையும் ஏற்றும்போதே கொடுத்தவர்களுக்கு அந்த அழைப்பைத் தாங்கும் பிடிமானம் எதுவும் இல்லை. பதிவுக்குச் சிறு முன்பணம், ஏற்றியபின் பெரும்பகுதி, இறக்கியபின் குறைந்தது கால் பங்கு என்று விலைப்புள்ளியிலேயே எழுதச் சொல்லலாம். அதற்கு உடன்படாத நிறுவனத்தின் விலை எவ்வளவு குறைவாயினும் நாம் ஒதுக்கிவிடுவோம். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பவேண்டும். யுபிஐ திரையில் விலைப்புள்ளியில் உள்ள பெயருக்கு மாறாக ஒரு தனிநபர் பெயர் தோன்றினால் அங்கேயே நிறுத்திக் கேட்பது நல்லது. லாரி புறப்படும் முன் வண்டி எண்ணும் ஓட்டுநரின் கைபேசி எண்ணும் லாரி ரசீதும் நம்மிடம் வந்திருக்கவேண்டும்.

உண்மையாகவே எதிர்பாராத செலவு நேர்வதுமுண்டு. லிப்ட் பழுதாகலாம், கடைசி நேரத்தில் மாமனார் வீட்டு ஊஞ்சலும் சேர்ந்துகொள்ளலாம். அப்போது கூடுதல் தொகை கேட்பது நியாயமே. ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு என்று மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அது இறுதி ரசீதிலும் இடம்பெறவேண்டும். வாய்மொழியில் வரும் தொகை, பெங்களூரில் இறக்கும்போது வேறு ஆள் வாயிலாக இன்னொரு முறை வருவதற்கே வாய்ப்பு மிகுதி.

இறக்கியதும் பெட்டி எண்களைப் பட்டியலுடன் சரிபார்த்து, உடைந்ததையும் காணாமற்போனதையும் ஒப்படைப்பு நகலில் எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற அச்சு வாசகத்தின் கீழ் வெறும் கையெழுத்து இருந்தால் இழப்பீட்டு வாதம் பெரிதும் வலுவிழக்கும். புகைப்படங்களும் அன்றே எடுக்கப்படட்டும். இழப்பீடு கோரி வழக்குத் தொடுப்பதாக இருந்தால், சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கவேண்டும் என்று 2007 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எழுத்தில் இல்லாத கட்டணம் வாங்கப்பட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் பதியலாம். அப்போது அவர்கள் கேட்பது விலைப்புள்ளி, லாரி ரசீது, பணம் செலுத்திய வங்கி விவரம் ஆகியவற்றைத்தான்.