ஃபில்டர் கோப்பி தண்ணியா இறங்கினால் தூளைத் திட்டாதீங்க

இந்தியாவில் முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பங்களோடு நம்ம அடம்பன் பக்கத்துக்கும் ஃபில்டர் வந்தது. இப்போது அந்தப் பக்கம் போய் வருகிற ஆக்களிடமும் சொல்லி எடுப்பிக்கிறோம். ஆனால் "எத்தனை கரண்டி போட்டாலும் பிளேன்டீ மாதிரித்தான் இறங்குது" என்ற கதைதான் எல்லா வீட்டிலும். உடனே இன்னும் இரண்டு கரண்டி தூள் போடுகிறோம். தூள் விற்கிற விலைக்கு இது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. கோளாறு பெரும்பாலும் அரைப்பிலும் தண்ணியிலும்தான் இருக்கிறது.

முதலில் அரைப்பு. நம்ம ஊர்க் கோப்பித்தூள் கொதிதண்ணி ஊற்றிக் கலக்கி, மண்டி அடியில் தங்கிய பிறகு குடிப்பதற்கு அரைத்தது. மா மாதிரி இருக்கும். அதை ஃபில்டரில் போட்டால் ஈரம் பட்டவுடன் சேறாகி ஓட்டைகளை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் ஒரே கொட்டையை மூன்று விதமாக அரைத்துப் பார்த்தோம். மா மாதிரி அரைத்தது ஒரு மணித்தியாலம் கழிந்தும் மேலே தண்ணி நிற்க, கீழே கசப்பாகக் கொஞ்சம்தான் வந்திருந்தது. ரவை மாதிரி அரைத்தது சில நிமிடத்திலேயே ஓடி முடிந்தது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், விரலால் தேய்த்தால் தூள் உப்பு மாதிரி நறநறக்கிற பதம்தான் சரியாக வந்தது. கொட்டை கொஞ்சம் கருக்க வறுபட்டிருக்க வேணும். மிளகாய் அரைத்த மில்லில் கொடுத்தால் அந்தக் காரம் கோப்பிக்குள் வந்தே தீரும். உரலில் இடிக்கிறவர்கள் மா அரிக்கிற அரிதட்டில் அரியுங்கள். மேலே தங்குவதில் பெரிய குருணியை மறுபடி இடித்து, மற்றதை ஃபில்டருக்கு எடுங்கள். கீழே விழுகிற மாவை வழமையான கோப்பிக்கு வைக்கலாம்.

இந்தியப் பக்கெட் வாங்கினால் சிக்கரி எத்தனை வீதம் என்று பாருங்கள். அங்கே 49 வீதம் வரை சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சிக்கரி நிறத்தையும் தடிப்பையும் தரும், கோப்பி மணத்தைத் தராது. 20 வீதத்துக்கு மேல் எங்களுக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது தண்ணி. நம்ம பக்கத்துக் கிணறுகள் பலதில் சவரும் சுண்ணாம்பும் உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அந்தத் தண்ணி கோப்பியில் இருக்கிற மெல்லிய புளிப்பை அடக்கிவிடும். டிகாஷன் கறுப்பாக இருந்தாலும் சப்பென்று இருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை எடுத்து மறுபடி கொதிக்க வையுங்கள். உப்புச் சவர் இதற்கு அசையாது. அதற்கு மழைத் தண்ணி அல்லது சுத்திகரித்த குடிதண்ணிதான்.

நாலு பேருக்குக் கணக்கு இது: தூள் 30 கிராம், அதாவது குவித்து நாலு மேசைக்கரண்டி. தண்ணி 170 மில்லி. தூளே ஏறக்குறைய 60 மில்லியைக் குடித்துவிடும், கீழே 110 மில்லி வரை கிடைக்கும். ஃபில்டர் ஈரமில்லாமல் இருக்க வேணும். தூளைப் போட்டுத் தட்டிச் சமப்படுத்தி, குடைத்தட்டை மெதுவாக வையுங்கள். அழுத்தி இறுக்குகிறவர்கள்தான் அதிகம். அங்கேயே பாதி கெடுகிறது. கொதித்த தண்ணியை இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் தூள் நனையுமளவு மட்டும் ஊற்றுங்கள். தூள் ஊறி உப்பியதும் மிச்சத்தைச் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய வேணும். ஐந்து நிமிடத்தில் முடிந்தால் தூள் பரும்படி, அல்லது காணாது.

அரை மணித்தியாலம் கடந்தும் தண்ணி மேலே நின்றால், தட்டவோ கிண்டவோ வேண்டாம். மேல் பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கித் திருப்பி வையுங்கள். இரண்டும் இறுகப் பொருந்தினால் கீழேயுள்ள காற்று வெளியேற வழியில்லாமல் சொட்டு நின்றுவிடும். தூக்கியதும் சொட்டினால் காரணம் காற்று. அப்போதும் சொட்டாவிட்டால் அரைப்பு, இல்லையேல் அடைபட்ட ஓட்டை. கழுவிய பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்த ஓட்டை அடைபட்டது என்று தெரியும்.

(இந்தக் கரைக்குக் கோப்பி புதிதல்ல. தேயிலைக்கு முந்திய காலத்தில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கித்தான் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்துதான் அந்தத் தோட்டங்கள் அழியத் தொடங்கின.)

அதே மண்டிக்கு இரண்டாம் தண்ணி ஊற்றலாம், ஆனால் முதல் டிகாஷனோடு சேர்க்காதீர்கள். அதைப் பிள்ளைகளின் பாலுக்கு நிறம் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கசந்துவிடும். பாலைக் கொதிக்கக் கொதிக்க எடுத்து, ஒரு பங்கு டிகாஷனுக்கு நாலு பங்கு பால் ஊற்றினால் போதும். நோன்பு நாட்களில் இரவே வடியவிட்டு சஹருக்கு எடுக்கிறவர்கள் உண்டு. தடிப்பு அப்படியே இருக்கும், மணம் குறைந்துவிடும்.

மிளகாய், மல்லி அரைக்காமல் கோப்பிக்கென்றே கல் வைத்திருக்கிற மில் மன்னாரிலோ உயிலங்குளத்திலோ இருந்தால், தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.