மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பரிசோதனையா?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டு வாசலிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுவது இன்று ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் பழகிப்போன காட்சி. ஆனால் பெண்களுக்கான இரண்டு பரிசோதனைகளை அப்படித் திண்ணையில் உட்கார்ந்து முடித்துவிட முடியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்குமான பரிசோதனைகள் அவை. அவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போகத்தான் வேண்டும்.

போவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. இந்தப் பரிசோதனைகள் எல்லா வயதுக்கும் ஒன்றுபோல இல்லை. உதாரணத்துக்கு ஓசூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மருமகளுக்கு 36 வயது, சிப்காட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாமியாருக்கு 57 வயது. இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. யாருக்கு என்ன தேவை?

மருமகளுக்கு: ஒரு நிமிடக் காத்திருப்பு

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறது. அரசு மையங்களில் இதற்கு 'வி.ஐ.ஏ.' என்ற பரிசோதனை செய்கிறார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ், ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை மெல்ல விரித்து, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார். மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வலி இருக்காது, லேசான எரிச்சல் இருக்கலாம். முடிவு அப்போதே தெரிந்துவிடும். மாதவிலக்கு நாட்களில் இதைச் செய்ய முடியாது என்பதால், ஷிப்ட் விடுப்பைக் கேட்கும்போதே அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து ஆண்டு இடைவெளி நீளமாகத் தோன்றலாம். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடும். தங்கிவிடும் சிலருக்கும், அது புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இடையில் வரும் மாற்றங்களைப் பிடித்தால் போதும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு, குறிப்பாக ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, இது வேகமாக நடக்கும். அவர்கள் இன்னும் இளம் வயதிலேயே தொடங்கி, குறைந்த இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும்.

'பாசிட்டிவ்' என்றால்?

வெள்ளைத் திட்டு தெரிந்தால் 'பாசிட்டிவ்' என்பார்கள். கேட்டவுடன் பலர் புற்றுநோய் என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இதற்கு நல்ல பதில் தருகிறது. அதில் 31,343 பெண்களுக்கு நர்ஸ்கள் இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, பாசிட்டிவ் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. அழற்சி, கிருமித் தொற்று, ஆரம்பகட்ட செல் மாற்றம் எல்லாமே வெள்ளையாகத் தெரியலாம். அதனால்தான் அடுத்து கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்த்து, தேவைப்பட்டால் சிறு சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். முன்நிலை மாற்றம் என்று உறுதியானால், குளிர்வித்தோ சூடேற்றியோ அந்த இடத்தை மட்டும் நீக்கிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். சில வாரங்களுக்கு நீர் போன்ற கசிவு இருக்கும். ஓராண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

2007-ல் அந்த ஆய்வின் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவிகிதம் குறைந்திருந்தது. பாசிட்டிவ் வந்தவர்கள் கால்போஸ்கோபிக்கும் சிகிச்சைக்கும் வந்ததால் கிடைத்த பலன் இது. முகாமில் பரிசோதித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகாதவருக்கு அந்தப் பரிசோதனையால் பயனில்லை.

மருமகளின் மார்பகத்துக்கு, இந்த வயதில், மருத்துவரோ நர்ஸோ கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை போதும். மேமோகிராம் தேவையில்லை. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். எக்ஸ்ரே படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். கட்டி தட்டுப்பட்டால், இந்த வயதில் பொதுவாக முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட்.

மாமியாருக்கு: கணக்கு தலைகீழ்

மாதவிலக்கு நின்றபின், செல் மாற்றம் தொடங்கும் பகுதி கர்ப்பப்பை வாயின் உள்பக்கம் நகர்ந்துவிடும். அமிலம் தடவினாலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே 57 வயதில் வி.ஐ.ஏ. 'நார்மல்' என்று வந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. அந்த இடத்துச் செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது ஹெச்.பி.வி. பரிசோதனை இவருக்குப் பொருத்தம். பாப் ஸ்மியர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஹெச்.பி.வி. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது பொதுவான பரிந்துரை. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், முகாமுக்குக் காத்திருக்காமல் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும்.

மேமோகிராம் அதிகம் பயன்படுவதும் இவர் வயதில்தான். மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில விநாடிகள் அழுத்தி, குறைந்த அளவு எக்ஸ்ரே மூலம் படம் எடுப்பார்கள். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டிகளையும், பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகளையும் அது காட்டும். அன்று பவுடர், டியோடரன்ட் கூடாது. அவையும் படத்தில் புள்ளிகளாக விழும். உலக சுகாதார நிறுவனம் 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்கிறது. அமெரிக்காவின் 2024 பரிந்துரை 40 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. தாய்க்கோ சகோதரிக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்

மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பைராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். இதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். 'பைராட்ஸ் 4' என்பது புற்றுநோயின் நான்காம் நிலை அல்ல. சந்தேகம் இருக்கிறது, பயாப்ஸி செய்யுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 5 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம், பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது. 0 என்பது 'ஒன்றுமில்லை' அல்ல. இந்தப் படம் போதவில்லை, வேறு படமோ பழைய படமோ வேண்டும் என்று அர்த்தம்.

ஓசூர்ப் பக்கத்தில் இந்த பூஜ்யத்துக்குத் தனிக் கவனம் தேவை. முதல் படத்தை பெங்களூரிலும் அடுத்ததை ஓசூரிலும் எடுப்பது இங்கே சகஜம். பழைய படம் கையில் இருந்தால், அந்தப் புள்ளி புதிதா, வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறதா என்று மருத்துவர் உடனே சொல்லிவிடுவார். பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், எல்லை தாண்டி மருத்துவமனை மாறும்போது மறுபடி சதை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

கடைசியாக ஒன்று. கையில் கட்டி தட்டுப்படுகிறது, மேமோகிராமோ 'நார்மல்' என்கிறது என்றால், கட்டியைத்தான் நம்ப வேண்டும். மேமோகிராம் சில புற்றுநோய்களைத் தவறவிடும். அல்ட்ராசவுண்டும், தேவையானால் பயாப்ஸியும் முடியும்வரை அந்தக் கட்டியைப் பற்றிய கேள்வி முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.