நாங்கள், நீங்கள், நாம்

என் தங்கை தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளர். தீவிர சிகிச்சைப் பிரிவில் கைத்தூய்மை விதிகளை இறுக்க வேண்டியிருந்தது. ஊழியர்களுக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பி, "அண்ணா, தமிழை மட்டும் திருத்திக் கொடுங்கள்" என்றாள். தமிழில் பிழையே இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

"பலமுறை அறிவுறுத்தியும் அலட்சியம் தொடர்கிறது. இனி மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று தொடங்கியது கடிதம். நடவடிக்கை எடுப்பவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினைக்குள் அதிகாரம் ஒளிந்துகொண்டிருந்தது. அடுத்த வரிகளில் 'நாங்கள்' சொல்கிறோம், 'நீங்கள்' கேட்பதில்லை. இப்படி ஒரு கடிதம் வந்தால் படிப்பவர் முதலில் செய்வது, அலட்சியக்காரர் தாம் அல்லர் என்று தமக்குள் நிறுவிக்கொள்வதே. அதற்குப் பின் கடிதம் யாருக்கும் உரியதன்று.

இதே தவற்றைச் செய்தவர் மிகப் பெரிய மனிதர். வியன்னா மகப்பேற்று மருத்துவமனையில் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தவர் இக்னாஸ் செமல்வைஸ். அவருடைய பிரிவில் அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் இரண்டளவுக்கு இறங்கியது. ஆனால் ஏற்க மறுத்த பேராசிரியர்களுக்கு 1861 முதல் அவர் எழுதிய பகிரங்கக் கடிதங்கள் அவர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடின. சொன்னது உண்மை, சொன்ன விதத்தில் அவர் யாரையும் வென்றெடுக்கவில்லை.

தங்கையிடம் கேட்டேன்: "கை கழுவாதவர்கள் எப்போது கழுவுவதில்லை?" யோசித்துச் சொன்னாள். நோயாளியைத் தொட்ட பிறகு பெரும்பாலோர் கழுவிவிடுகிறார்கள். தொடுவதற்கு முன்தான் விட்டுப்போகிறது. தொட்ட பின் அருவருப்பு நினைவூட்டுகிறது. தொடுமுன் கை சுத்தமாகவே தெரிகிறது. சற்றுமுன் பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்தது மறந்துவிடுகிறது. முன்னது நம்மைக் காக்கும், பின்னது நோயாளியைக் காக்கும். கடிதம் பேச வேண்டியது இந்த ஓர் இடத்தைத்தான் என்று இருவருக்கும் அப்போது புரிந்தது.

இரண்டாம் வரைவு ஒரு காட்சியோடு தொடங்கியது. மயக்கத்தில் இருக்கும் முதியவர். டிரிப்ஸ் குழாயின் முனையை ஒரு செவிலியர் திறக்கிறார். அந்த முனையிலிருந்து இரத்தத்துக்கு இடைவழியே இல்லை. "அவரால் நம்மிடம் கை கழுவினீர்களா என்று கேட்க முடியாது" என்பது அடுத்த வரி. இவ்வகைச் சொல்லுக்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் என்ற இருவர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், கை கழுவினால் நீங்கள் நோயிலிருந்து தப்புவீர்கள் என்ற பலகையைவிட, நோயாளி தப்புவார் என்ற பலகையே கூடுதலாகக் கழுவ வைத்தது.

அடுத்து நேரம். செவிலியர்கள் சொல்லும் காரணம் அதுதான், அது சாக்கன்று. மணிக்குப் பன்னிரண்டு முறை என்று வைத்துக்கொள்வோம். குழாயடிக்குப் போய்வந்து சோப்பால் கழுவ ஒவ்வொரு முறையும் எழுபது வினாடியானால் மொத்தம் பதினான்கு நிமிடம். கட்டிலருகிலேயே ஹேண்ட் ரப் இருந்து இருபத்தைந்து வினாடி தேய்த்தால் ஐந்து நிமிடம். ஆகவே ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு புட்டி வைக்கப்படும் என்று எழுதினாள். கை அழுக்காகத் தெரிந்தாலும், சில வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருந்தாலும் அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சேர்த்தாள். வளையலும் மோதிரமும் கழற்ற வேண்டும் என்ற விதிக்கு, அவற்றின் அடியில் கரைசல் சேராது என்ற காரணத்தையும் எழுதினாள்.

கடைசியாக 'நாங்கள்' எல்லாவற்றையும் 'நாம்' என்று மாற்றினாள். நான் தயங்கினேன். கேட்பவரையும் உள்ளடக்கும் பன்மை நம் மொழிக்குத் தனியே இருப்பது பெரும் வசதி. பொய் சொல்லவும் அதே வசதி. மேலதிகாரிகள் 'நாம்' என்று எழுதும்போது, உழைப்பு மட்டும் கீழே போகும். "மருத்துவர்கள் இந்த 'நாமி'ல் உண்டா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு இரண்டு வரிகள் சேர்த்தாள். வாரம் ஒருநாள் நடக்கும் கண்காணிப்பில் முதலில் கவனிக்கப்படுபவர் தாமே என்பது ஒன்று. மருத்துவரேயானாலும் தொடுமுன் நினைவூட்டலாம், அப்படி நினைவூட்டியவர் பக்கம் தாம் நிற்பதாக மற்றொன்று.

அந்த இரண்டு வரிகள் இல்லையென்றால் இரண்டாம் கடிதம் முதலாவதைவிட மோசமானது என்பேன். திட்டுபவர் குறைந்தது தாம் எங்கே நிற்கிறார் என்பதை மறைப்பதில்லை. இனி புட்டி காலியாக இருக்கும் ஒவ்வொரு காலையும் அந்த 'நாம்' பொய்யாகும். அதை நிரப்பி வைப்பதும் கடிதத்தின் பகுதிதான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.