கையெழுத்துப் பிரதியும் கணக்குக் கடிதமும்

கிள்ளான் பக்கம் குடியேறிவிட்ட ஒரு தோட்டத்துப் பழைய மாணவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு நினைவு மலர் போட நினைத்தார்கள். தோட்டம் இப்போது இல்லை. வீட்டுக்குப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சேர்த்த பணம்தான் முதல். பிரிக்பீல்ட்சில் வீட்டிலிருந்தே நூல்களைச் செம்மைப்படுத்தித் தரும் ஒரு அம்மையாரிடம் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்கள். அவர் உடனே விலை சொல்லவில்லை. "எல்லாக் கட்டுரைகளையும் அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்றார்.

நான்கு நாளில் ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது. செயலாளர் அதை என்னிடம் காட்டி, "என்ன ஐயா, வேலைக்கு முன்னே இத்தனை நிபந்தனையா?" என்று முகம் சுளித்தார். படித்துப் பார்த்தேன். அது நிபந்தனையல்ல, கணக்கு.

அவர் முதலில் சொற்களை எண்ணியிருக்கிறார்: 20,000 சொல். இருநூறு சொல்லை ஒரு பக்கம் என்று வைத்தால் நூறு பக்கம். ஆங்கிலத்தில் 250 சொல்லைப் பக்கம் என்பார்கள். தமிழ்ச் சொல் நீளமானது, அதனால் குறைத்துக்கொண்டார். இன்னொரு நுட்பமும் உண்டு. "வந்துகொண்டிருந்தான்" என்று சேர்த்தால் ஒரு சொல், "வந்து கொண்டு இருந்தான்" என்று பிரித்தால் மூன்று. திருத்தும்போது எண்ணிக்கை மாறிவிடும். ஆகவே, "நீங்கள் அனுப்பிய பிரதியில் உள்ள எண்ணிக்கையே கணக்கு" என்று எழுதிவிட்டார்.

பிறகு, நன்றாக எழுதியவர், சுமாராக எழுதியவர், எழுதிப் பழக்கமே இல்லாதவர் எனக் கலந்து ஐந்து பக்கத்தை எடுத்துத் திருத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. பக்கத்துக்குக் கால் மணி. நூறு பக்கத்துக்கு இருபத்தைந்து மணி. மறுவாசிப்புக்கு ஐந்து. ஆக முப்பது மணி, மணிக்கு 40 வெள்ளி, மொத்தம் 1,200 வெள்ளி. பக்கத்துக்கு 12 வெள்ளி விழுகிறது. திருத்திய அந்த ஐந்து பக்கத்தையும் கடிதத்தோடு வைத்திருந்தார். எழுதியவர் குரல் போய்விட்டதா, இருக்கிறதா என்று குழுவினரே பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக. தவரணையில் நாற்று நட்ட கதையை எழுதிய பாட்டியின் பேச்சு அப்படியே இருந்தது. ஒற்றுப்பிழையும், இரண்டு முறை வந்த ஒரு சம்பவமும்தான் போயிருந்தன.

என்ன செய்வார் என்பது இரண்டே வரி: எழுத்துப்பிழை, வாக்கியக் குழப்பம், ஒரே பெயரைப் பலர் பலவிதமாக எழுதியது ஆகியவற்றைச் சரிசெய்வார், சந்தேகங்களை ஓரத்தில் கேள்வியாக எழுதுவார். எதைச் செய்ய மாட்டார் என்பதுதான் நீளம். கையெழுத்தைத் தட்டச்சு செய்வது, பக்கம் அமைப்பது, அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்ப்பது, படங்களுக்கு உரியவரிடம் அனுமதி வாங்குவது எதுவும் இதில் சேராது. மெய்ப்பு வேண்டுமென்றால் தனி விலை. பலர் ஏமாறுவது இங்கேதான். செம்மைப்படுத்திய பிரதி பக்கத்தில் அமைக்கப்படும்போது புதுப் பிழை வரும். அதை யாராவது பார்த்தாக வேண்டும்.

அடுத்து, அவர் எவற்றை நம்பி அந்த விலையைச் சொன்னார் என்பது. எல்லாக் கட்டுரையும் யூனிகோடு எழுத்தில் இருக்கும். (இரண்டு கட்டுரைகள் பழைய எழுத்துருவில் வந்து, திறந்தால் கோழி கிளறியது போல் இருந்தனவாம்.) குழுவின் சார்பில் ஒருவர் மட்டுமே பதில் சொல்வார். கேள்விகளுக்கு ஏழு நாளில் பதில் வரும். திருத்தம் ஒரு சுற்று, பதில் வந்தபின் மறுவாசிப்பு ஒன்று. ஆயிரம் சொல் வரை கூடினால் பரவாயில்லை. அதற்குமேல் பக்கத்துக்கு அதே 12 வெள்ளி. பாதிப் பணம் தொடக்கத்தில், மீதி திருத்திய பிரதியைக் கொடுக்கும்போது. மலர் வெளியீட்டு விழாவுக்குக் காத்திருக்க மாட்டார். இந்த விலை முப்பது நாளுக்குச் செல்லும்.

செயலாளரிடம் என் பழைய கதையைச் சொன்னேன். ஒரு மலருக்கு "பார்த்துக் கொடுங்க வாத்தியாரே" என்றார்கள், தலையாட்டினேன். தலைவர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார், பொருளாளர் அதையே எடுக்கச் சொன்னார். நான்கு மாதம் இழுத்தது. கடைசியில் எனக்கும் வருத்தம், அவர்களுக்கும் வருத்தம்.

குழு இரண்டைக் கேட்டு மாற்றிக்கொண்டது. தட்டச்சைத் தங்கள் பிள்ளைகளே செய்வதாகவும், ஏழு நாளைப் பத்தாக்க வேண்டும் என்றும். அம்மையார் ஒத்துக்கொண்டு தேதிகளைத் தள்ளி எழுதினார். விலையைக் குறைக்கக் கேட்டபோது மட்டும், "மறுவாசிப்பை விட்டுவிட்டால் 200 வெள்ளி குறையும், விடலாமா?" என்று கேட்டார். விடவில்லை.

வேலை நடக்கும்போது ஒரு பெரியவர் தாமதமாக 4,000 சொல் அனுப்பினார். ஆயிரம் போக மூவாயிரம், பதினைந்து பக்கம், 180 வெள்ளி. கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு குழு கூடியது. பெரியவரின் மகன் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார்.