என்ன தொழில் என்று கேட்டால் போதுமா?

குடும்பத்தாரைப் பேட்டி காணும் மாணவர் பலர், "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டு, ஒரு சொல்லில் விடை பெற்று முடித்துவிடுகின்றனர். அது போதாது.

மும்பை தாராவியில் இட்லி விற்கும் மாமா ஒருவரிடம், "நேற்று மாலை முதல் என்னென்ன செய்தீர்கள், மாமா?" என்று கேட்டால் அவருடைய திறமை புலப்படும். குளிர்காலத்தில் மாவு புளிக்க நேரமாகும். ஆகவே அவர் முன்னதாகவே அரைத்து வைக்கிறார். விடியுமுன் இட்லி அவித்து, மிதிவண்டியில் தெருத்தெருவாக விற்கிறார். மீந்த இட்லி அவருக்கு நட்டம். மழைநாளில் வாங்குவோர் குறைவர் என்பதால் அன்று குறைவாகவே அவிக்கிறார். "இட்லி வியாபாரம்" என்னும் விடையில் இக்கணக்கு எதுவும் இல்லை.

ஆதலால், தொழிலின் பெயரைக் கேட்பதைவிட ஒரு நாளின் வேலையைக் கேட்பதே நல்ல பேட்டியாகும்.