"சாதாரணம்" என்றால் எத்தனை பேருக்கு?

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் துண்டுத்தாளில் பக்கவிளைவுகள் மனம்போனபடி அடுக்கப்படுவதில்லை. ஐரோப்பிய ஆணையம் 1998 இல் வெளியிட்ட வழிகாட்டல் ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கு ஐந்து எல்லைகளை வகுத்திருந்தது. மருந்தை உட்கொள்வோரில் பத்துப் பேருக்கு ஒருவரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால் அது 'வெரி கொமன்'. பத்தில் ஒருவருக்குக் குறைந்து, நூறில் ஒருவர் வரை 'கொமன்'. அதற்கும் கீழே, ஆயிரத்தில் ஒருவர் வரை 'அன்கொமன்'. பத்தாயிரத்தில் ஒருவர் வரை 'ரெயர்'. அதிலும் குறைந்தால் 'வெரி ரெயர்'. இங்கே இவை வெறும் சொற்களல்ல, எண்களுக்கு இடப்பட்ட பெயர்கள். இதனை மறந்து அகராதியைப் புரட்டும்போதே தமிழாக்கம் வழுக்கத் தொடங்குகிறது.

நம் வீடுகளில் பலரும் அறிந்த நீரிழிவு மாத்திரையான மெற்போமினை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியலில் குமட்டலும் வயிற்றோட்டமும் முதல் வகுப்பில் உள்ளன. விற்றமின் பி12 குறைபாடு 2022 இல் பிரித்தானியாவில் இரண்டாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. குருதியில் இலற்றிக் அமிலம் மிகும் ஆபத்தான நிலை கடைசி வகுப்பில் நிற்கிறது.

இரண்டாம் வகுப்பைச் "சாதாரண பக்கவிளைவுகள்" என்று பெயர்த்தால் என்னவாகும்? தமிழில் "சாதாரண காய்ச்சல்" என்றால் பயப்படத் தேவையில்லாத காய்ச்சல். எத்தனை பேருக்கு என்ற செய்தி, எவ்வளவு கடுமை என்ற செய்தியாக உருமாறிவிடுகிறது. கால் விறைப்பையும் களைப்பையும் உண்டாக்கக்கூடிய பி12 குறைபாட்டை வாசகர் பொருட்படுத்தாமல் விடுவார். "அடிக்கடி ஏற்படும்" என்றாலோ வேறொரு பிழை நேர்கிறது. லிங்கநகரில் எங்கள் அயலில் வாழும் மூதாட்டி ஒருவர் அப்படி எழுதிய தாளொன்றைப் படித்துவிட்டு, "கிழமைக்கு எத்தனை தரம் வயிறு குழம்பும் தம்பி?" என்று கேட்டார். அவரைக் குறைகூற இயலாது. "அடிக்கடி" என்ற சொல் ஒரே ஆளின் நாட்களை எண்ணுகிறது. பட்டியல் எண்ணுவதோ ஆட்களை. "எப்போதாவது" என்பதற்கும் இதே குறை உண்டு.

மூன்றாம் வகுப்பு இன்னும் சங்கடமானது. "அசாதாரணமான" என்று பெயர்த்தால் அது விபரீதம் என்று ஒலிக்கிறது. அடுத்து வரும் "அரிதான" என்பதைவிட அச்சமூட்டுவதால், வரிசையே தலைகீழாகிறது. பட்டியலின் இறுதியில் சில தாள்களில் "தெரியாது" என்றொரு பிரிவு வரும். அவ்விளைவு மருந்தால் வருமா என்றே தெரியாது என்று பலர் விளங்கிக்கொள்வர். கிடைத்த தரவிலிருந்து எத்தனை பேருக்கு என்று கணிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள்.

தமிழின் மீது மட்டும் பழிபோட வேண்டாம். ஆங்கிலேயரே அச்சொற்களில் தடுமாறுகின்றனர். லீட்ஸ் நகரில் இதய நோயாளரிடம் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வில், மலச்சிக்கல் 'கொமன்' என்று சொல் மட்டும் கொடுக்கப்பட்டவர்கள் நூறில் ஏறத்தாழ 34 பேருக்கு அது வருமென மதிப்பிட்டனர். எண் கொடுக்கப்பட்டவர்களின் மதிப்பீடு ஏறத்தாழ 8. ஆகவே மேலும் பொருத்தமான ஒரு சொல்லைத் தேடிக் களைப்பதில் பயனில்லை. எண்ணைத் தலைப்பாக்கிச் சொல்லைப் பின்னே தள்ளுவதே வழி.

அதைச் செய்வதிலும் இரண்டு கவனங்கள் வேண்டும். முதலாவது, ஆங்கிலத் தாள் "பத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம்" என்கிறது. அவசரத்தில் "பத்தில் ஒருவருக்கு ஏற்படும்" என்று எழுதிவிட்டால், உச்ச எல்லையே நிச்சயமான அளவாகிவிடும். "வரை", "லாம்" இரண்டும் விடுபடவே கூடாது. இரண்டாவது, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அடி மாறிக்கொண்டே போனால், பெரிய எண்ணைக் கண்டவர் ஆபத்தும் பெரிதென்று எண்ணக்கூடும். ஒரே அடியை வைத்துக்கொள்வது மேல். பத்தாயிரம் பேர் இம்மாத்திரையை உட்கொண்டால், குமட்டல் 1000 பேருக்கோ அதற்கு மேலோ. பி12 குறைபாடு 100 முதல் 999 பேர் வரை. இலற்றிக் அமிலப் பெருக்கம் ஒருவருக்கும் குறைவு. கடைசியானது எண்ணிக்கையில் சிறிதாயினும் உயிருக்கு ஆபத்தானது என்பதைத் தனி வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையையும் கடுமையையும் ஒரே சொல்லில் ஏற்றியதால் வந்த வினைதானே இவ்வளவும்?

எண்கள் பாமரரை மிரட்டும் என்பார் சிலர். சீட்டுப் பிடிக்கும், வட்டிக் கணக்குப் பார்க்கும் நம் பெண்களுக்குப் பத்தாயிரத்தில் நூறு விளங்காது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஐயமிருந்தால் சோதித்துப் பாருங்கள். மொழிபெயர்த்த தாளை மருத்துவம் படிக்காத இருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு விளைவும் நூறு பேரில் எத்தனை பேருக்கு வரும் என்று கேளுங்கள். விடை மூலத்தின் எல்லைக்கு வெளியே போனால், தமிழ் எவ்வளவு அழகாயிருப்பினும் அந்தத் தாளை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.